வாருங்கள், கையெழுத்துப் போடுங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 497 ஊராட்சிகள். வருஷத்துக்கு ஆறு தடவை அத்தனை ஊருக்கும் கிராம சபைக்கு அழைப்பு போகும். நாள் இருக்கும், இடம் இருக்கும், காலை பதினோரு மணி என்று நேரமும் இருக்கும். அதன் கீழே சென்னையில் தட்டச்சு செய்து அனுப்பிய பொருள் பட்டியல்: தூய குடிநீர் வழங்கல், டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு. விராலிமலைக்கும் அதே பட்டியல், மணமேல்குடிக்கும் அதே பட்டியல். எந்த ஊர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது மட்டும் அதில் இருக்காது.

கூட்டத்துக்கு வருகிறவன் எதைப் படித்துவிட்டு வரவேண்டும்? ஒன்றும் வேண்டாம். எதற்குப் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும்? அதுவும் வேண்டாம். என்ன முடிவு எடுக்க வேண்டும்? தீர்மானப் புத்தகத்தில் ஏற்கெனவே எழுதியாயிற்று ஐயா, கையெழுத்து மட்டும் போடுங்கள். சட்டம் கேட்பதும் தலைக்கணக்குத்தான் என்று அதிகாரிகள் நினைத்துக்கொள்கிறார்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியென்றால் நூறு பேர் வந்தாக வேண்டும். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை வரப்பிலிருந்து அப்படியே கூட்டிவந்தால் கோரம் நிறைந்துவிடும். ஆனால் அதே 1994-ஆம் வருஷச் சட்டம் ஊர்த் திட்டம், வரவு செலவுத் திட்டம், தணிக்கை அறிக்கை மூன்றுக்கும் இந்த சபைதான் ஒப்புதல் தரவேண்டும் என்கிறது. கண்ணால் பார்க்காத தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல் தருகிற ஞானதிருஷ்டி நம் ஊர்ச் சனத்துக்கு மட்டுமே வாய்த்தது!

ஒரே ஒரு பொருளுக்கு ஒழுங்கான அழைப்பு எழுதிப் பார்ப்போம். ஊர், முத்துக்காடு ஊராட்சி. 2022 டிசம்பர் 26 அன்று அங்கே வேங்கைவயலில், பட்டியல் சாதிக் குடும்பங்கள் குடிக்கும் பத்தாயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது. பிள்ளைகளுக்கு நோய் கண்டு, தண்ணீரில்தான் கோளாறு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தபின், மேலே ஏறிப் பார்த்தது அந்தத் தெரு மக்களேதான். மறுநாள் கலெக்டரும் எஸ்.பி.யும் வந்தார்கள். வந்த இடத்தில் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததும், கோயிலுக்குள் அந்த மக்களை விடாததும் சேர்ந்தே வெளிவந்தன. எத்தனை கிராம சபைகளின் தீர்மானப் புத்தகத்தைத் தாண்டி அந்தக் குவளைகள் அங்கே இருந்திருக்கும்!

அழைப்பு இதோ. கூட்ட நோக்கம்: இந்தத் தொட்டித் தண்ணீரைக் குடிக்கலாமா என்று முடிவு செய்வது. ஏழு நாளைக்கு முன்பே தெருவில் ஒட்டவேண்டியவை: தொட்டி கழுவிய பதிவேட்டின் நகல், குளோரின் பதிவேடு, கடைசித் தண்ணீர்ப் பரிசோதனை முடிவு. எழுத்து தெரியாதவர்களுக்கு ஒருவர் உரக்கப் படித்துச் சொல்ல வேண்டும்.

டேங்க் ஆபரேட்டர் வரும்போது கடைசி வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரையும் குளோரின் சோதிக்கும் பெட்டியையும் கொண்டுவர வேண்டும். சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாக வேண்டும், குறைந்தது 0.2 பிபிஎம். தொட்டியடியில் பிடித்துக் காட்டுவது செல்லாது, ஏனென்றால் அங்கே மஞ்சளாகிற தண்ணீர் கடைசி வீட்டுக்குப் போவதற்குள் வெளிறிவிடும். பதிவேட்டில் எல்லாத் தேதிக்கும் ஒரே பேனா, ஒரே அளவு, ஒரே சாய்வுக் கையெழுத்து என்றிருந்தால், தொட்டியைக் கழுவியது பேனாதான் என்று சபை பதிவு செய்யலாம்.

ஊராட்சிச் செயலர் ஒரே கேள்விக்குப் பதிலோடு வந்தால் போதும். தொட்டி மூடிக்குப் பூட்டு உண்டா, சாவி யாரிடம்? சுகாதார ஆய்வாளர் சபையில் கேட்டுப் பெறவேண்டிய முடிவு: ஒரு தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்கே தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது. ஆதிக்கச் சாதிப் பெரியவர்களுக்குப் படிக்க எதுவும் அனுப்ப வேண்டாம். டீக்கடையில் எல்லோருக்கும் ஒரே குவளையா என்று கேட்டால், ஆமாம் இல்லை இரண்டில் ஒன்றை எழுந்து நின்று, பெயரோடு பதிவாகும்படி சொல்ல வேண்டும். தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழியைக் கூட்டமாக முணுமுணுப்பதைவிட இது கொஞ்சம் கஷ்டம்.

குற்றவாளி யார் என்பதை இந்தச் சபை முடிவு செய்ய முடியாது. அதற்கு 2023 ஜனவரியில் சிபிசிஐடி வந்தது, உயர் நீதிமன்றம் ஒருநபர் ஆணையம் போட்டது, டி.என்.ஏ. பரிசோதனை நடந்தது. இரண்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை, தண்ணீர் குடித்த அந்தச் சமூகத்து இளைஞர்கள் மூவரையே கைகாட்டியது. வேங்கைவயல் மக்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் பூட்டும் சாவியும் பதிவேடும் சபையின் அதிகாரத்துக்குள்தான் இருந்தன. அவற்றைக் கேட்கச் சொல்லி ஒரு அழைப்பும் வந்ததில்லை.

இந்த அழைப்பில் கையெழுத்துப் போடுவது யார்? தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்துபோனது. தேர்தல் நடத்தவில்லை, ஒன்றியத்துக்கு ஒரு தனி அலுவலரைப் போட்டார்கள். 13 ஒன்றியங்களுக்கு 497 ஊராட்சி. ஒரு ஒன்றியத்துக்குச் சுமார் முப்பத்தெட்டு. ஒரே நாள், ஒரே பதினோரு மணிக்கு முப்பத்தெட்டு ஊரிலும் அந்தத் தனி அலுவலர்தான் தலைவர். கூட்டுகிறவரும் அவர், கணக்கு வைக்கிறவரும் அவர், அந்தக் கணக்கைச் சபை முன் வைத்து ஒப்புதல் கேட்கிறவரும் அவர். அவர் படித்துவிட்டு வரவேண்டியது ஒன்று உண்டு: தான் தலைமை வகிக்கும் ஊர்களின் பெயர்.