7.40: அப்பா எமோஷனல்

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வீடியோ எடுக்கும் தம்பி அனுப்பிய காட்சிப் பட்டியலை இன்னும் ஃபோனில் வைத்திருக்கிறேன். அழித்தால் கோபம் ஆறிவிடும். ஐந்து நிமிட ஹைலைட்ஸாம். ஜன்னல் கம்பியில் தொங்கும் முகூர்த்தப் புடவை, மருதாணிக் கை, மாப்பிள்ளை வாட்ச் கட்டுவது (கட்டியிருந்ததைக் கழற்றச் சொல்லி), கடைசியில் ‘7.40: அப்பா எமோஷனல்.’ முகூர்த்தம் 6 முதல் 7.30.

அதற்கு முன்னால் இந்தப் பேட்டி.

ரிசப்ஷன் முடிந்த ராத்திரி, மண்டபத்து அறை. இரைச்சல் மைக்கில் விழும் என்று ஏசியை நிறுத்தினார்கள். அப்புறம் ஃபேனையும்.

“அப்பா, இப்ப எப்படி ஃபீல் பண்றீங்க?”

“நல்லாருக்கு தம்பி.”

“என் குரல் படத்துல வராதுப்பா. கேள்வியையும் சேர்த்து முழுசா சொல்லுங்க.”

“என் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி எனக்கு நல்லாருக்கு.”

“கொஞ்சம் ஃபீலோட.”

“என் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி எனக்கு ரொம்ப நல்லாருக்கு.”

“பொண்ணு இல்லாத வீடு எப்படிப்பா இருக்கும்?”

“அவ ஆறு வருஷமா பெங்களூர்லதானே இருக்கா?”

“அதையும் முழுசா...”

“பெண் இல்லாத வீடு, அவ ஆறு வருஷமா பெங்களூர்ல இருக்கிறதால, இப்ப இருக்கிற மாதிரியே இருக்கும்.”

ஃபீலைக் கேட்டால் எந்த அப்பனுக்கும் வாய் வராது. நடந்த ஒன்றைக் கேட்க வேண்டும். அவளை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்ததைக் கேட்டிருந்தால், அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அரை மணி நேரம் பேசியிருப்பார்.

மறுநாள் கெட்டிமேளம். மாப்பிள்ளை ஒரு முடிச்சு, நாத்தனார் இரண்டு. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துபோகும், இன்னொரு தடவை போடச் சொல்ல முடியாது. அதனால் மூன்று கேமராவும் தாலி மேலேயே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மேடைக்கு நாலடி தள்ளி நின்று எல்இடி திரையில் கல்யாணம் பார்த்தோம். அட்சதை கேமராக்காரர் தலையில் விழுந்தது. அவராவது நன்றாக இருக்கட்டும். அண்ணன் அழுதது அப்போதுதான். ஒரு கேமராவை ஸ்டாண்டில் போட்டு அவர் முகத்துக்கு நேரே விட்டிருந்தால் போதும், ஆள்கூட வேண்டாம். 7.40-க்கு அவர்கள் மைக்கோடு வந்தபோது, இலைக்கட்டு எப்படிக் குறைந்தது என்று அண்ணன் சமையல்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார்.

நேற்று டீசர் வந்தது. ஃபேன் இல்லாத அறையில் அண்ணன் துண்டால் முகம் துடைத்ததை வினாடிக்கு 100 ஃப்ரேமில் எடுத்து, 25-இல் ஓட்டியிருக்கிறார்கள். நான்கு மடங்கு மெதுவாகத் துடைத்தால் வேர்வையெல்லாம் கண்ணீர்தான். பின்னால் வயலின். அண்ணி போட்டுப் போட்டுப் பார்த்து அழுகிறார். எனக்கும் ஒரு காட்சி தந்திருக்கிறார்கள்: பந்தியில் முழு அப்பளத்தை வாய்க்குள் தள்ளுகிறேன், அதே வேகத்தில்.