"புரிஞ்சுச்சா?" "புரிஞ்சுதுங்க"

திண்டுக்கல் மாவட்டக் காந்திகிராமத்தில் 1964 முதல் ஊரக சுகாதாரப் பயிற்சி நிறுவனம் இயங்குகிறது. துண்டறிக்கையை அச்சுக்கு அனுப்பும் முன் படிக்கப்போகிறவரிடம் காட்டிச் சோதிக்கலாம் என்பது, ஆகவே, இந்த வட்டாரத்துக்குப் புதிய செய்தியாக இருக்க முடியாது. ஆனாலும் பல அறிக்கைகளுக்கு முன்சோதனை எம்.ஏ. படித்த மூவர் மேசையில்தான் நடக்கிறது. மூவருக்கும் புரிந்துவிடுகிறது.

ஓர் ஓ.ஆர்.எஸ். துண்டறிக்கையைப் பாருங்கள்: பொட்டலப் படம், தம்ளர் படம், கீழே "ஒரு லிட்டர் நீரில் கரைத்துப் பருகவும்". எழுத்துக் கூட்டிப் படிப்பவர் படத்தைத்தான் நம்புவார். முழுப் பொட்டலத்தையும் தம்ளரில் கொட்டினால் உப்பு ஐந்து மடங்கு தூக்கலாகும். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய குழந்தைக்கு ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்புகூட வரலாம்.

சின்னாளபட்டி அக்காவிடம் கொண்டுபோனால்? "புரிஞ்சுச்சாம்மா?" என்பார் சட்டையில் பேனா குத்தியவர். "புரிஞ்சுதுங்க." வேறென்ன சொல்வார், பாவம், பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறதே! சோதனை முடிந்தது; அச்சகத்துக்கு போன்.

பொட்டலத்தையும் சமையலறைப் பாத்திரங்களையும் முன்னால் வைத்து, "இந்தத் தாளுல சொன்னபடி கலக்கிக் காட்டுங்கக்கா" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் நிஜச் சோதனை. அக்கா கை தம்ளருக்குப் போனால் தவறு தாளுடையது. தம்ளர் படத்தை எடுத்துவிட்டு, கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வரைந்து, முதல்முறை பார்க்காத வேறு ஆட்களிடம் மறுபடி காட்ட வேண்டும்.

செலவு சில பொட்டலங்கள், ஒரு மதியம். ஆனால் அந்த மதியம்தான் வெளியீட்டு விழாவாம், பொன்னாடைகூட வந்துவிட்டது.