15 ஜிபி நிறைந்த பிறகு

கேள்வி: 3,500 பக்க நோட்ஸைப் போனில் படமெடுத்துக் கூகுளில் வைத்தேன். 15 ஜிபி நிரம்பிவிட்டது. காசு கட்டலாமா?
– கல்லூரி மாணவி, தக்கலை

பதில்: பொறும்மா, நோட்ஸ் இளைத்தாலே போதும்! ஒரு படம் 4 எம்பி என்றால் மொத்தம் 14 ஜிபி. அதையே டிரைவ் செயலியின் ஸ்கேனில் கறுப்பு-வெள்ளை பிடிஎஃப் ஆக்கினால் பக்கம் அரை எம்பிக்குள் அடங்கும். எல்லாம் சேர்ந்து 2 ஜிபிகூட வராது. பென்சில் படங்கள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பழையதை அழி, குப்பைத்தொட்டியையும் காலி செய். அதிலிருப்பதும் இடம் பிடிக்கும். தள்ளிப்போடாதே: அந்த 15 ஜிபியில்தான் ஜிமெயிலும் இருக்கிறது. நிரம்பினால் ஹால் டிக்கெட் மெயிலும் வராது. வண்ண வரைபடங்கள் நிறைய இருந்தால் மட்டும் 100 ஜிபி திட்டம் வாங்கு.