என்ஜினை அணைத்தாரா? தெருப் பேச்சாளர்களுக்கு ஒரு கையேடு

தெருவில் நின்று பேசுவதைக் கலையாகப் பயில்கிறவர்களுக்கு ஒரே எதிரி, எதிரே வருபவருக்கு இருக்கும் வேலை. நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே "எனக்கு நேரமில்லை" என்று சொல்ல மாட்டார்கள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தாலும் "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, சொல்லுங்க" என்பார்கள். ஆகவே வாயை நம்ப வேண்டாம், அது மரியாதைக்குப் பேசுகிற உறுப்பு. வண்டியையும் காலையும் கவனியுங்கள்.

காலை எட்டேகாலுக்கு உங்களிடம் சிக்குகிறவர் பெரும்பாலும் ஸ்கூட்டரில்தான் இருப்பார். அவர் நிறுத்திவிட்டாரே என்று மகிழ வேண்டாம். நீங்கள் கையைக் காட்டியபின் நிறுத்தாமல் போனால் நாளைக்கும் அவர் இதே தெருவில்தானே வர வேண்டும்? என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஒரு காலை ஊன்றி, வலக்கையை ஆக்ஸிலரேட்டரிலேயே வைத்திருந்தால் உங்களுக்குக் கிடைத்திருப்பது ஒரு வாக்கியம். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டால் இரண்டு. அணைத்துவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தால் ஒரு சேதிக்கு இடமுண்டு. மாமனாரின் ஆபரேஷனைச் சொல்லலாம், ஆஸ்பத்திரி கேன்டீனைப் பற்றிச் சொல்லக் கூடாது. சைடு ஸ்டாண்டு போட்டு இறங்கினால் கேன்டீனும் உண்டு. சென்டர் ஸ்டாண்டு போட்டால் உஷார். பேசப் போகிறவர் அவர். தப்பிக்க வழி தேட வேண்டியவர் நீங்கள்.

இதில் ஒரு புதுச் சிக்கல் வந்திருக்கிறது. இப்போதைய சில ஸ்கூட்டர்களில், நின்ற சில நொடிகளில் என்ஜின் தானாகவே அணைந்துவிடும்; ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் மறுபடி கிளம்பும். பெட்ரோலை மிச்சப்படுத்த வைத்த ஏற்பாடு அது. சத்தம் நின்றதும் ஓட்டுபவர் சம்மதித்துவிட்டார் என்று நினைத்து உள்ளூர் அரசியலைத் தொடங்கியவர்கள் உண்டு. மின்சார ஸ்கூட்டரில் சத்தமே கிடையாது. எனவே காதை விட்டுவிட்டு அவருடைய வலக்கையைப் பாருங்கள்.

நடந்து வருகிறவரிடம் வண்டி இல்லை, கால் இருக்கிறது. ஆடம் கெண்டன் என்ற ஆய்வாளர் மனிதர்கள் வணங்கிக்கொள்வதையும் கூடி நிற்பதையும் படமெடுத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். வணக்கம் வாயில் தொடங்குவதில்லை, தூரத்தில் கண்ணும் கண்ணும் சந்திக்கும்போதே தொடங்கிவிடுகிறது என்று காட்டினார். அங்கேயே உங்களைக் கண்டும் காணாததுபோல் செல்போனை எடுத்துவிட்டாரா? உங்களுக்குப் பதில் வந்துவிட்டது. நின்று பேசுகிறவர்களிடம் முகத்தைவிட இடுப்புக்குக் கீழே உள்ள திசைதான் முக்கியம் என்பதும் அவர் கண்டது. முகம் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். செருப்பு பஸ் ஸ்டாப்பைப் பார்த்திருக்கும். செருப்பை நம்புங்கள்.

இனி ஒரு பயிற்சி. எதிர்வீட்டு அக்கா மகனைப் பள்ளியில் விடக் கிளம்புகிறார். பையன் ஸ்கூட்டரின் முன்னால் நிற்கிறான், டை பாதி கட்டியிருக்கிறது.

"என்னக்கா, ஊருக்குப் போயிருந்தீங்களாமே?"

"ஆமாங்க, போன வாரம்தான் வந்தோம்."

இங்கே கவனியுங்கள். கேட்டதற்குப் பதில் வந்தது, திருப்பிக் கேள்வி வரவில்லை. நேரம் இருக்கிறவர் "உங்க பொண்ணுக்கு எப்போ வளைகாப்பு?" என்று கேட்டே தீருவார். நீங்கள் அசரவில்லை.

"மழை உண்டா அங்க?"

"ம்... பரவாயில்லை. சரிங்க, அப்புறம்..."

உரையாடலை ஆராய்கிறவர்கள் இந்தச் "சரி"க்குத் தனி இடம் தந்திருக்கிறார்கள். ஷெக்லாஃப், சாக்ஸ் இருவரும் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்றே போதும்: பேச்சு சட்டென்று முடிவதில்லை, ஒருவர் இப்படிக் கதவைத் திறந்து வைப்பார், மற்றவரும் ஒரு "சரி" சொன்னால்தான் முடியும். அக்கா கதவைத் திறந்துவிட்டார். தேர்ந்த பேச்சாளரான நீங்கள் அதைச் சாத்திவிட்டு, "மழைன்னதும் ஞாபகம் வருது, எங்க மொட்டை மாடி..." என்கிறீர்கள். பையன் சொல்கிறான்: "அம்மா, பெல் அடிச்சிரும்." அந்தத் தெருவில் உண்மை பேசுகிற ஒரே ஆள் அவன்தான்.

மாஸ்ட்ரோயானி என்பவரும் மூன்று பேரும் 2021-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பேசிய இருவருமே விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல் நூற்றுக்குச் சுமார் இரண்டுதான். இதில் நமக்கு ஆறுதலும் உண்டு: இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருக்கலாம் என்று ஏங்கியவர்களும் அதில் இருந்தார்கள். எதிர்வீட்டு அக்கா அவர்களில் ஒருவர் அல்ல.

அவர் "சரிங்க" என்றதும் நீங்களும் "சரிக்கா, பார்த்துப் போங்க" என்று சொல்லிவிடுங்கள். மொட்டை மாடி சாயங்காலம் வரை ஒழுகிக்கொண்டுதான் இருக்கும், அப்போது சொன்னால் போதும்.