ஊருக்கெல்லாம் சிவப்புத் தேதி

இந்தியாவின் சுவர்களுக்கெல்லாம் காலண்டர் அடித்து அனுப்புகிறது சிவகாசி. யாருக்கு என்றைக்கு லீவு என்று ஊர் உலகத்துக்கே சொல்லும். பட்டாசு ஆலைப் பெண்களிடம் மட்டும் சொல்லாது. கேட்டால், கையேட்டில் இருக்கிறதாம். கையேடு இங்கிலீஷில் இருக்கிறதாம். அது மேனேஜர் பீரோவில் இருக்கிறதாம்.

பெரிய ஆலைகள் தங்கள் விதிகளைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் வாசலருகே ஒட்ட வேண்டும் என்று 1946-லேயே நிலையாணைச் சட்டம் சொல்லிவிட்டது. இன்னும் பசை காய்ச்சுகிறார்கள் போலிருக்கிறது. தப்பித் தவறித் தமிழில் வந்தால் இப்படி வருகிறது: "பணியின் அவசரத்துக்கு உட்பட்டு, நிர்வாகத்தின் விருப்பப்படி விடுப்பு வழங்கப்படலாம்." தரமாட்டோம் என்பதற்கு இத்தனை வார்த்தையா?

எத்தனை நாள், யாருக்கு, மறுத்தால் என்ன? இதைத்தான் எழுத வேண்டும்.

ஈட்டிய விடுப்பை எடுத்துக்கொள்வோம். 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1948 தொழிற்சாலைச் சட்டப்படி வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால், 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. ஒரு பெண் 233 நாள் மருந்து செலுத்தினாள் என்று வையுங்கள். வேலை தராமல் ஆலையே லே-ஆஃப் கொடுத்தது 9 நாள். "240 வரலையே, போம்மா" என்பார் கணக்கர். தப்பு. 240-ஐ எட்ட லே-ஆஃப் நாளும் சேரும், ஆக 242. லீவைக் கணக்கிட மட்டும் வேலை பார்த்த நாள்தான்: 233-ஐ 20-ஆல் வகுத்தால் 11.65. அரை நாளோ அதற்கு மேலோ என்றால் முழு நாள். 12 நாள் அவளுடையது. கேட்டும் தராமல் மறுத்தால், அந்த நாட்கள் வரம்பில்லாமல் அடுத்த வருஷத்துக்குப் போகும். இந்த வரியை எந்தக் கையேடாவது பெரிய எழுத்தில் போடுமா?

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 240-ஐ 180 ஆக்கிவிட்டது. லாபக் கணக்கை அன்றன்றைக்குத் திருத்துகிற கை, இந்த ஒரு எண்ணைத் திருத்த மட்டும் நல்ல நாள் பார்க்கிறது.

தற்செயல் விடுப்பு, மருத்துவ விடுப்பு? இங்கேதான் வேடிக்கை. டவுனில் இருக்கும் விற்பனை அலுவலகத்துக்கு 1947 தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம்: தற்செயல் 12, நோய்க்கு 12, ஒரு வருஷம் முடித்தபின் ஈட்டியது 12. தொழிற்சாலைச் சட்டத்திலோ தற்செயல் என்ற பேச்சே இல்லை. நோய் வந்தால் இ.எஸ்.ஐ. பார்த்துக்கொள்ளும், அதுவும் பேர் பதிந்திருந்தால். சராசரிக் கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் காசு கிடையாது.

ஏ.சி.யில் உட்கார்ந்து பில் போடுகிறவருக்குத் தலைவலி வந்தால் முழுச் சம்பளம். வெடிமருந்தில் கை வைக்கிறவளுக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் பட்டினி.

இரண்டையும் ஒரே கையேட்டில் கலந்து குழப்பாமல், முதல் பக்கத்திலேயே தெளிவாக அச்சடிக்கட்டும்: "ஆபீசுக்கு 36 நாள், ஷெட்டுக்கு 12 நாள்." அச்சடிக்கக் கூசுகிறதா? ஷெட்டுக்கும் 12 தற்செயல் கொடுங்கள். கூடுதலாகக் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, முதலாளி.