தங்கம் காலை வாரிய அக்டோபர்

2008 செப்டம்பர் 15, திங்கட்கிழமை. 158 வயதான லீமன் பிரதர்ஸ் நியூயார்க்கில் திவால் மனு போட்டது. சூட்டு போட்ட கனவான்கள் அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு தெருவுக்கு வந்தார்கள். இரண்டு நாள் கழித்து, 17ஆம் தேதி, தங்கம் ஒரே நாளில் அவுன்ஸுக்குச் சுமார் 70 டாலர் எகிறியது. தங்க பக்தர்களுக்குப் புல்லரித்துவிட்டது. பங்கு விழுந்தால் தங்கம் ஏறும் என்ற அவர்களுடைய வேதவாக்கு, இதோ கண்ணெதிரே!

வேதத்தில் ஒரு சின்னப் பிழை இருந்தது. அமைதியான காலத்தில் தங்கம் பங்குக்கு எதிரியே அல்ல. பங்கு என்று ஒன்று இருப்பதையே அது கண்டுகொள்வதில்லை. இரண்டுக்கும் உள்ள தொடர்பு, நீண்டகாலச் சராசரியில் பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும். எதிர்ப்பக்கம் ஓடும் குணம் நெருக்கடியின் முதல் சில நாட்களில் வரும், பிறகு தேய்ந்துவிடும். பௌர், லூசி என்ற இரு பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு, அந்தப் புகலிடத்தின் ஆயுள் சுமார் 15 வர்த்தக நாட்கள் என்றது. அதற்கு மேல் தங்க நினைப்பவர் தன் பொறுப்பில் தங்கலாம்.

அக்டோபர் வந்தது. இரண்டாவது வாரத்தில் 900 டாலருக்கு மேல் மிதப்பாக நின்ற தங்கம், 24ஆம் தேதி 700க்குக் கீழே எட்டிப் பார்த்தது. உலகமே பற்றி எரியும்போது தீயணைப்பு வண்டிக்கே தீப்பிடித்தால் பக்தர்கள் என்ன சொல்வார்கள்? 'மர்ம சக்திகள் விலையை அமுக்குகின்றன' என்றார்கள்.

மர்மம் ஒன்றும் இல்லை. கடன் வாங்கிப் பந்தயம் கட்டியிருந்த ஃபண்டுகளுக்கு, 'இன்று மாலைக்குள் பணம் கட்டு' என்று மார்ஜின் கால் வந்தது. அவர்கள் கையிலிருந்த வீட்டுக்கடன் பத்திரங்களை அடிமாட்டு விலைக்குக் கூட வாங்க ஆள் இல்லை. வீட்டில் அவசரம் என்றால் பீரோவையும் கட்டிலையும் விட்டுவிட்டு வளையலைத்தானே முதலில் சேட்டுக் கடைக்குக் கொண்டுபோகிறோம்? வால் ஸ்ட்ரீட்டும் அதையே செய்தது. எதை விற்க முடியுமோ அதை விற்றது. தங்கம் நல்ல பொருளாக இருந்ததே அது செய்த குற்றம்.

இதற்குள் கடன் பத்திரம் என்ன செய்துகொண்டிருந்தது? தங்கம் வட்டி தராது. ஆகவே பணவீக்கம் போகக் கையில் நிற்கும் வட்டி, அதாவது நிஜ யீல்டு, ஏறினால் தங்கம் இறங்கும் என்பது சாதாரண நாட்களின் விதி. 2008 இலையுதிர் காலத்தில் விலைவாசியே சரியும் என்ற பயம் பரவியதால், அமெரிக்க அரசின் 10 ஆண்டு நிஜ யீல்டு 3 சதவீதத்தை ஒட்டி ஏறியது. தங்கத்துக்கு இது இரண்டாவது அடி. அதே பயத்தால் சாதாரண அரசுப் பத்திரத்தின் யீல்டு ஆண்டு முடிவில் 2 சதவீதத்தை நெருங்கிச் சரிந்தது. யீல்டு இறங்கினால் பத்திர விலை ஏறும். அந்த ஆண்டின் உண்மையான கதாநாயகன் அந்தச் சுவாரஸ்யமற்ற பத்திரம்தான். 20 சதவீதம் லாபம் கொடுத்தது. நவம்பரில் ஃபெடரல் ரிசர்வ் பணத்தை அவிழ்த்துவிட்டதும் தங்கம் தெம்பாகி, ஆண்டை 4 சதவீத அளவு லாபத்தில் முடித்தது. எஸ் அண்ட் பி 500, டிவிடெண்டையும் சேர்த்து, 37 சதவீதம் நஷ்டம்.

கணக்குப் போடுவோம். 60 ரூபாய் பங்கு, 30 ரூபாய் பத்திரம், 10 ரூபாய் தங்கம் என்று (ரூபாய் மாற்று விகிதத்தை மறந்துவிட்டு) 100 ரூபாய் வைத்திருந்தவரிடம் 2008 முடிவில் 84 ரூபாய் இருந்திருக்கும். தங்கத்தைத் தொடாமல் 40 ரூபாயையும் பத்திரத்தில் போட்டவரிடம் 86. தங்கம் காப்பாற்றவில்லை, கொஞ்சம் இழுத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

இனி 2022. பணவீக்கத்தை அடக்க ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஏற்றியது. பங்கு 18 சதவீதம் விழ, அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய பத்திரமும் கூடவே அதே அளவு விழுந்தது. நிஜ யீல்டு பூஜ்யத்துக்குக் கீழிருந்து ஒன்றரை சதவீதத்துக்கு வந்தது. விதிப்படி தங்கம் நொறுங்கியிருக்க வேண்டும். நடுவில் ஆடினாலும், ஆண்டு முடிவில் அது தொடங்கிய இடத்திலேயே நின்றது. ரஷ்யாவின் டாலர், யூரோ கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கியதைப் பார்த்த பல மத்திய வங்கிகள், அந்த ஆண்டு ஆயிரம் டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. நம் 60-30-10 ஆசாமியிடம் மறுபடியும் 84, தங்கமில்லாதவரிடம் 82.

ஆக, பங்கு விழும்போது யீல்டு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். இறங்கினால் பத்திரம் காக்கும். பணவீக்கத்தால் ஏறினால், தங்கத்துக்கு வேலை வரும். எல்லாமே சேர்ந்து விழுந்து டாலர் மட்டும் ஏறினால், யாரோ வளையலை விற்கிறார்கள் என்று பொருள். அந்தச் சில வாரங்களுக்குத் தனியாக ரொக்கம் வைத்திருங்கள். 2008 அக்டோபரில் 700 டாலருக்குத் தங்கத்தை விற்க நேர்ந்தவர், 2011 செப்டம்பரில் அதன் விலையை 1,900 டாலருக்கு அருகில் பார்த்தார்.