பத்து வருட வாரண்டிக்கு ஒரு விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய கான்ட்ராக்டர் அவர்களுக்கு,

எங்கள் குளியலறைக்கு நீங்கள் பத்து வருட வாட்டர்ப்ரூஃபிங் வாரண்டி தந்தீர்கள். முத்திரைத்தாளில் எழுதி, ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, லேமினேஷனும் செய்து தந்தீர்கள். நான்காம் மாதமே கீழ் வீட்டுச் சமையலறைக் கூரை டீ நிறத்துக்கு வந்துவிட்டது. அந்த வாரண்டித் தாள் மட்டும் இன்றுவரை ஒரு சொட்டு தண்ணீரைக்கூட உள்ளே விடவில்லை. இந்த வேலையில் நீங்கள் உண்மையாகவே வாட்டர்ப்ரூஃப் செய்தது அது ஒன்றுதான்.

நிபந்தனைகளை இப்போதுதான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். டைல்ஸை உடைத்தால் வாரண்டி செல்லாது. கசிவு எங்கே என்று நிரூபிக்காவிட்டாலும் செல்லாது. உடைக்காமல் நிரூபிக்க முடியாது. இந்தச் சட்ட நுட்பத்தில் கால்வாசியைப் பூச்சில் காட்டியிருந்தால் கீழ் வீட்டம்மா அடுப்படியில் குண்டா வைத்துச் சமைக்க வேண்டியிருக்காது.

போன் செய்தபோது, “அது பைப் லீக்கேஜ் சார், எங்க வேலை இல்ல” என்றீர்கள். நேரில் பார்க்காமலே நோயைச் சொல்லும் ஞானதிருஷ்டி. சரி, அதையும் சோதித்தோம். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது குளியலறை வால்வைத் திறந்தே விட்டுப் போனோம். குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருக்கும். விரிசல் அதில்தான் என்றால் ஆள் இல்லாதபோதும் சொட்டியிருக்க வேண்டும். கூரை காய்ந்து கிடந்தது. திரும்பி வந்து குளிக்கத் தொடங்கியதும் பழையபடி சொட்டியது.

அடுத்து கழிவுக் குழாய். நாணி ட்ராப்புக்குள் நேராக ஹோஸை விட்டு, தரை நனையாமல் வெகுநேரம் தண்ணீர் ஓடவிட்டோம். கீழே ஒன்றுமில்லை. பிறகு ட்ராப்பின் வாயைத் துணியால் இறுக அடைத்து, கலர்ப்பொடி கரைத்த தண்ணீரைத் தரையில் ஓர் அங்குலம் கட்டி வைத்தோம். மறுநாள் கீழ் வீட்டில் ரோஸ் நிறத்தில் சொட்டியது. அதற்கும் பதில் வைத்திருந்தீர்கள்: “டைல்ஸ் ஜாயிண்ட்ல எபாக்ஸி அடிச்சா நின்னுடும் சார், அது தனி ரேட்.”

ஐயா, டைல்ஸும் இடுக்கில் அடைக்கும் கலவையும் தண்ணீரைத் தடுப்பதற்கென்று வைத்தவை அல்ல. அவற்றைத் தாண்டி ஈரம் இறங்கும் என்று தெரிந்துதான் அடியில் பூச்சு பூசுகிறோம். அந்தப் பூச்சுக்குத்தான் உங்களுக்குப் பணம் கொடுத்தது. அது என்ன ஆனது என்று பார்க்க, ட்ராப் ஓரத்தில் ஒரே ஒரு டைலைப் பெயர்த்தோம். (வாரண்டி செத்தது. இறுதி மரியாதையை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.)

பூச்சு நகத்தால் கீறியதும் அப்பளத் தோலாக உரிந்து வந்தது. தூசு தட்டாத தரையில், தண்ணீர் கூட்டிக் கரைத்து, ஒரே கோட். இரண்டு கோட் என்பது பில்லில்தான் இருக்கிறது. முதல் கோட் காய்ந்த பிறகு இரண்டாவதைக் குறுக்காக இழுக்க வேண்டும் என்பது மேஸ்திரிக்குத் தெரியாமல் இல்லை. மத்தியானமே டைல்ஸ்காரரை வரச் சொல்லியிருந்தது நீங்கள். தரையும் சுவரும் சேரும் மூலையில் கலவையால் வளைவு கொடுத்து, பூச்சைச் சுவரில் ஓர் அடியாவது ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றவில்லை. குழாயைச் சுற்றியுள்ள ஓட்டையைச் சுருங்காத கிரவுட் ஊற்றி அடைத்திருக்க வேண்டும். அங்கே இருந்தது கசக்கித் திணித்த சிமெண்ட் சாக்குத் துண்டு, மேலே ஒரு கரண்டி காரை. பத்து வருடம் அந்தச் சாக்கை நம்பித்தான் குளித்திருப்போம்!

டைல்ஸ் ஒட்டும் முன் இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்திருந்தால் இத்தனையும் அப்போதே தெரிந்திருக்கும். கேட்டதற்கு, “டைம் வேஸ்ட் சார், அதான் வாரண்டி இருக்கே” என்றீர்கள். சோதனைக்குப் பதில் வாரண்டி! எங்கள் பணத்தில், கீழ் வீட்டுக்காரர் தலையில் அந்தச் சோதனையை நடத்தி முடித்துவிட்டீர்கள்.

எபாக்ஸி வேண்டாம். தரை டைல்ஸ் முழுவதையும் எடுத்து, பழைய பூச்சைச் சுரண்டி, முதலிலிருந்து செய்து தர வேண்டும். டைல்ஸ் விலையும் கீழ் வீட்டுக் கூரைக்கு பெயிண்ட் செலவும் உங்களுடையது. மறுத்தால், 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று வழக்கு. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வேலைக்கு அங்கே கட்டணம் கிடையாது. வழக்குப் போட எனக்கு இரண்டு வருடம் அவகாசம் உண்டு. உங்கள் பூச்சுக்கு வாய்த்ததைவிட நீண்ட ஆயுள். கலர்த் தண்ணீர் வீடியோ, சாக்குத் துண்டு, பில் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

புதுப் பூச்சு காய்ந்து, டைல்ஸ் ஒட்டும் முன், இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைப்போம். அந்த இரண்டு நாளும் நீங்கள் கீழ் வீட்டு அடுப்படியில், அந்தக் கறைக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சாப்பாடு கீழ் வீட்டம்மா தருவார். குடை தர மாட்டார்.

இப்படிக்கு,
மேல் வீட்டுக்காரன்